துணைக் குற்றப்பத்திரிகை: எப்போது, எதற்கு, எதுவரை?

ஹரியானாவில் குருக்ஷேத்திரத்துக்கு அருகே அமீன் என்றொரு கிராமம். அங்குள்ள சூரஜ் குண்ட் கோயிலில் இரண்டு மணற்கல் தூண்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டடி ஓர் அங்குல உயரம், பத்து அங்குலச் சதுரம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சுங்கர் காலத்தில் சிற்பம் செதுக்கப்பட்டவை. சர்வதேசக் கலைச் சந்தையில் இவை சுமார் ஐந்து லட்சம் அமெரிக்க டாலர் பெறும் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. 1967 மார்ச் இறுதியில் இந்தத் தூண்கள் திருடுபோயின. மே மாதத்தில் போலீஸார் மீட்டுவிட்டார்கள். மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. தூண்கள் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தின் பொறுப்புக்கு வந்தன.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒருவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தான் ஓர் ஆராய்ச்சியாளர் என்றும், தூண்களைத் தன்னிடம் ஒப்படைத்தால் விரிவாக ஆராய முடியும் என்றும் கேட்டிருந்தார். நீதிமன்றம் அவரிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு தூண்களைக் கொடுத்தது. மே மாத இறுதியில் அவர் இரண்டு தூண்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஜூலையில் திருட்டு வழக்கு விடுதலையில் முடிந்து, தூண்கள் ஊருக்குத் திரும்பின. அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: திரும்பி வந்தவை அசல் அல்ல, போலிகள்.

வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 1972 டிசம்பரில் அம்பாலா நீதிமன்றத்தில் இருவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். ஒருவர் அந்த ஆராய்ச்சியாளர். மற்றவர் அப்போது கர்னாலில் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த அவருடைய நண்பர். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், கூட்டுச்சதி ஆகியவை குற்றச்சாட்டுகள். நீதிமன்றமும் வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் அசல் தூண்கள் எங்கே போயின என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சில ஆண்டுகள் கழித்து அவை லண்டனில் தலைகாட்டின. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போன சி.பி.ஐ., 1976-ல் டெல்லியில் இன்னொரு வழக்கைப் பதிவு செய்து, தூண்களைக் கடத்தியதாக நாரங் சகோதரர்கள் மூவர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. அம்பாலா வழக்கை 1977 மே மாதத்தில் அரசுத் தரப்பே திரும்பப் பெற்றது. நாரங் சகோதரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ஒரு நீதிமன்றம் குற்றப்பத்திரிகையை வாங்கி, வழக்கைக் கோப்பில் எடுத்துவிட்டது. அதன் பிறகு அதே விவகாரத்தைத் தோண்ட போலீஸுக்கு என்ன அதிகாரம்?

இன்று செய்திகளில் "துணைக் குற்றப்பத்திரிகை தாக்கல்" என்று வரும்போதெல்லாம் அதன் அடியில் இருப்பது இதே கேள்விதான்.

கோப்பில் எடுப்பது என்றால் என்ன?

போலீஸார் புலன் விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கையைத்தான் குற்றப்பத்திரிகை என்கிறோம். யார் மீது என்ன குற்றம், எந்தச் சாட்சிகள், என்னென்ன ஆவணங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்த்து, குற்றம் நடந்திருப்பதாகக் கருத முகாந்திரம் உண்டு என்று திருப்தி அடைந்தால் வழக்கைக் கோப்பில் எடுப்பார். வழக்குக்கு எண் விழும். எதிரிகளுக்குச் சம்மன் போகும். அதுவரை காவல் நிலையத்தின் கையில் இருந்த விவகாரம் அன்றிலிருந்து நீதிமன்றத்தின் விவகாரம் ஆகிறது.

ஆகவே நாரங் தரப்பின் கேள்வியை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது. பழைய 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றப்பத்திரிகைக்குப் பிறகு மேல் விசாரணை செய்யலாம் என்றோ கூடாது என்றோ ஒரு வரிகூடக் கிடையாது. உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. சென்னை உயர் நீதிமன்றம் 1919-லேயே, ஒரு குற்றத்தை இத்தனை முறைதான் விசாரிக்கலாம் என்று சட்டம் வரம்பு வைக்கவில்லை, புதுத் தகவல் வந்தால் மறுபடியும் விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தது. அறிக்கை கொடுத்ததோடு போலீஸின் வேலை முடிந்தது என்று கருதிய நீதிமன்றங்களும் இருந்தன. இந்தக் குழப்பத்தைச் சட்ட ஆணையம் தன் 41ஆவது அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அதன்படி 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவில் 8ஆவது உட்பிரிவு சேர்ந்தது. குற்றப்பத்திரிகை கொடுத்த பிறகும் மேல் விசாரணைக்குத் தடையில்லை, புதிய சாட்சியம் கிடைத்தால் அதைப் பற்றி இன்னொரு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 193ஆம் பிரிவின் 9ஆவது உட்பிரிவாக இடம்பெற்றிருக்கிறது.

நாரங் வழக்கில் 1979 ஜனவரியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு பழைய சட்டத்தை வைத்தே பதில் சொன்னது. கோப்பில் எடுத்துவிட்டதால் போலீஸின் விசாரணை அதிகாரம் செத்துப்போவதில்லை. முதல் அறிக்கை போகும்போது தெரியாத உண்மை பிறகு தெரியவந்தால், அதை விசாரிக்கக் கூடாது என்று சொல்வதால் தப்பிப்பவர் குற்றவாளியாகவும் இருக்கலாம். மாட்டிக்கொள்பவர் நிரபராதியாகவும் இருக்கலாம். ஆனால் அதே தீர்ப்பு ஒரு மரியாதையையும் வகுத்தது. வழக்கு நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. ஆகவே மேல் விசாரணைக்குப் போகும் முன் போலீஸார் நீதிமன்றத்துக்குத் தெரிவித்து முறைப்படி அனுமதி பெறுவதே நல்லது. சட்டத்தில் எழுதாத இந்த அனுமதி நாளடைவில் நடைமுறையாகவே நிலைத்துவிட்டது.

முதல் அறிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்

துணைக் குற்றப்பத்திரிகை என்றாலே பலர் மனதில் வருவது எதிரிகளின் பட்டியல் நீள்வதுதான். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. தலைமறைவாக இருந்தவர் பிடிபடுவார். தடய அறிவியல் கூடத்திலிருந்து கையெழுத்து ஒப்பீடோ கைபேசித் தரவோ தாமதமாக வரும். வெளிநாட்டு வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்ட விவரம் பல மாதம் கழித்து வந்து சேரும். ஆனால் துணை அறிக்கை எதிர்த் திசையிலும் போகலாம். அப்படிப் போன ஒரு வழக்குதான் இந்தச் சட்டத்தின் எல்லைகளை நமக்குத் தெளிவாகக் காட்டியது.

2006 பிப்ரவரியில் டெல்லிக் காவல்துறையின் தனிப்பிரிவு இரண்டு பேரைக் கைது செய்தது. தீவிரவாத இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், வெடிபொருளோடு பேருந்தில் வந்து இறங்கியபோது பிடித்தோம் என்றது போலீஸ். அந்த ஆண்டு மே மாதத்தில் குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. கைதானவரின் குடும்பத்தினர் சொன்ன கதை வேறு. இவர்கள் முன்னரே காணாமல் போனவர்கள், போலீஸுக்குத் தகவல் சொல்லிவந்தவர்கள், இப்போது பொய் வழக்கில் சிக்கவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் விஷயத்தை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 2008 நவம்பரில் சி.பி.ஐ. கொடுத்த அறிக்கை முதல் குற்றப்பத்திரிகைக்கு நேர் எதிராக இருந்தது. பொருள்களைக் கைப்பற்றியதாகச் சொன்ன கதையை நம்ப முடியவில்லை, வழக்கை முடித்துவிடலாம் என்றது.

இப்போது நீதிபதியின் மேசையில் ஒரே வழக்கில் இரண்டு அறிக்கைகள். ஒன்று குற்றவாளிகள் என்கிறது. மற்றது குற்றமே புனைந்தது என்கிறது. எதை எடுப்பது? வினய் தியாகி எதிர் இர்ஷாத் அலி என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போன இந்தக் கேள்விக்கு 2012 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதே பதில். பின்னால் வந்தது என்பதற்காக இரண்டாவது அறிக்கை முதலாவதை அழித்துவிடாது. முதலில் வந்தது என்பதற்காக முதலாவதற்குத் தனி மதிப்பும் கிடையாது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ஓர் அறிக்கையை வெளிப்படையாக ஒதுக்கி வைத்தால் ஒழிய, விசாரணை நீதிமன்றம் இரண்டையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அந்த இருவரையும் டெல்லி நீதிமன்றம் 2016 இறுதியில் விடுவித்தது.

இந்தத் தீர்ப்பு இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக்கியது. மேல் விசாரணை வேறு, புது விசாரணை வேறு. மேல் விசாரணை என்பது முதல் விசாரணையின் தொடர்ச்சி. முன்பு சேர்த்த சாட்சியம், எழுதிய வாக்குமூலம், கைப்பற்றிய பொருள் எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றின் மேல் புதியவை சேரும். புது விசாரணை என்பது பழையதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. பாரபட்சமான, கறைபடிந்த விசாரணை என்று தெரியும் அரிதான வழக்கில் மட்டும் இதற்கு உத்தரவிடலாம்; அதுவும் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான் போட முடியும். மாஜிஸ்திரேட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. காவல் அதிகாரி தன் விருப்பத்துக்குச் செய்யவும் முடியாது. ஆகவே முதல் அறிக்கையில் போலீஸுக்குச் சங்கடம் தரும் ஒரு சாட்சியின் வாக்குமூலம் இருந்தால், துணை அறிக்கையில் அந்தச் சாட்சியின் பெயரை விட்டுவிடுவதால் அது காணாமல் போய்விடாது. எதிரித் தரப்பு வழக்கறிஞர் அதை எடுத்துக் காட்டலாம். நீதிமன்றமும் அதைப் பார்த்தாக வேண்டும்.

புதிதாக என்ன கிடைத்தது?

சட்டப் பிரிவின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் அதற்குள் ஒரு நிபந்தனை இருப்பது தெரியும். மேல் விசாரணையில் கூடுதல் சாட்சியம் கிடைத்தால்தான் கூடுதல் அறிக்கை. அது வாய்மொழிச் சாட்சியமாக இருக்கலாம், ஆவணமாகவும் இருக்கலாம். ஆனால் முன்பு இல்லாத ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். பழைய காகிதங்களையே மறுபடி படித்துவிட்டு, இந்த முறை வேறு முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று விசாரணை அதிகாரி எழுதிக் கொடுத்தால் அது துணைக் குற்றப்பத்திரிகை ஆகாது.

கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. கணவன், மனைவிக்கு இடையிலான தகராறில், குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கணவரின் கையெழுத்தை மனைவி போலியாகப் போட்டார் என்பது புகார். முதல் குற்றப்பத்திரிகைக்குப் பிறகு மேல் விசாரணை நடந்து, துணை அறிக்கையில் கூடுதல் குற்றப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அந்தப் பிரிவுகளுக்கு ஆதாரமாகப் புதிதாக எதுவும் இல்லை. முடிவை மட்டும் மாற்றிக்கொண்டு அதற்குச் சான்று காட்டாத துணை அறிக்கை சட்டம் கேட்பதை நிறைவேற்றவில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது.

ஒரு துணைக் குற்றப்பத்திரிகை சரியானதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. முதல் அறிக்கையின் சாட்சிப் பட்டியலையும் ஆவணப் பட்டியலையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். துணை அறிக்கையின் பட்டியல்களை மறுபக்கம் வையுங்கள். இரண்டாவதில் மட்டும் இருப்பவற்றைக் கோடிட்டுப் பாருங்கள். புது சாட்சி யார், எந்தத் தேதியில் வாக்குமூலம் கொடுத்தார், புது ஆவணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். புதிதாகக் கிடைத்ததற்கும் புதிதாகச் சேர்ந்த பெயருக்கோ பிரிவுக்கோ தொடர்பு இல்லையென்றால் அந்த அறிக்கை பலவீனமானது.

யார் கேட்கலாம், எதுவரை கேட்கலாம்?

மேல் விசாரணைக்குப் போலீஸ் தானே போகலாம் என்பது நாரங் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. போலீஸ் சும்மா இருக்கிறது, ஆனால் விசாரணையில் ஓட்டை இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாமா? புகார்தாரர் கேட்கலாமா? எதிரியே கேட்கலாமா? நெடுங்காலம் இதற்கு ஒரே பதில் இருக்கவில்லை. கோப்பில் எடுத்து, எதிரிகள் ஆஜரான பிறகு மாஜிஸ்திரேட் தானாகவோ புகார்தாரர் கேட்டோ மேல் விசாரணைக்கு உத்தரவிட முடியாது, போலீஸ் கேட்டால்தான் முடியும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது.

2019 அக்டோபரில் குஜராத்தைச் சேர்ந்த வினுபாய் மாளவியா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த நிலையை மாற்றியது. நியாயமான விசாரணை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி. அதை உறுதிசெய்யும் மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் கோப்பில் எடுத்த நொடியில் ஏன் மறைய வேண்டும் என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி நாரிமன் கேட்டார். குற்றவியல் வழக்கில் விசாரணை, அதாவது சாட்சிகளைக் கூண்டில் ஏற்றும் கட்டம், குற்றச்சாட்டு வனையப்பட்ட பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை மாஜிஸ்திரேட் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம். போலீஸ் கேட்டாலும் மற்றவர்கள் கேட்டாலும் தானாகவே தோன்றினாலும் அந்த அதிகாரம் உண்டு.

ஆகவே புகார்தாரருக்கும் எதிரிக்கும் நாட்காட்டியில் முக்கியமான தேதி குற்றச்சாட்டு வனையும் நாள்தான். தன் தரப்பின் கண்காணிப்புக் கேமரா பதிவைப் போலீஸ் வாங்கவே இல்லை என்று எதிரி சொல்ல விரும்பினால், முக்கியமான சாட்சியை விசாரிக்கவில்லை என்று புகார்தாரர் முறையிட விரும்பினால், அந்த நாளுக்கு முன் மனுப் போட வேண்டும். அதிகாரம் இருப்பதால் மாஜிஸ்திரேட் உத்தரவிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. எதை விசாரிக்காமல் விட்டார்கள், அது வழக்கின் முடிவை எப்படிப் பாதிக்கும் என்று மனுவில் குறிப்பாகச் சொன்னால்தான் பலன் இருக்கும். விசாரணை சரியில்லை என்ற பொதுப் புலம்பலை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

குற்றச்சாட்டு வனைந்த பிறகு என்ன? போலீஸுக்குப் புதுச் சான்று கிடைத்தால் அப்போதும் மேல் விசாரணை செய்யலாம். ஆனால் இப்போது வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயம். நாரங் தீர்ப்பில் விரும்பத்தக்கது என்ற அளவில் இருந்ததைப் புதிய சட்டம் இந்தக் கட்டத்துக்கு விதியாகவே எழுதிவிட்டது. கூடவே ஒரு கெடுவும் வைத்திருக்கிறது: 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடியும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் எந்தக் கெடுவும் கிடையாது. மேல் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்ற ஒற்றை வரியால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கலாம் என்ற நிலை இருந்தது. குற்றச்சாட்டு வனைவதற்கு முந்தைய கட்டத்துக்குப் புதிய சட்டத்திலும் இந்த 90 நாள் கெடு பொருந்தாது. அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

சாட்சி விசாரணையின்போது கூண்டில் நிற்கும் ஒருவர் புதுப் பெயரைச் சொன்னால் அதற்குத் துணைக் குற்றப்பத்திரிகை தேவையில்லை. பதிவான சாட்சியத்தின் அடிப்படையில் நீதிமன்றமே அந்த நபரை எதிரியாகச் சேர்க்கலாம். பழைய சட்டத்தின் 319ஆம் பிரிவு, புதிய சட்டத்தின் 358ஆம் பிரிவு அதற்கானது.

ஜாமீன் கணக்கும் துணை அறிக்கையும்

துணைக் குற்றப்பத்திரிகை பற்றி நீதிமன்றங்களில் சூடாக நடக்கும் வாதம் ஜாமீனைச் சுற்றியது. ஒருவரைக் கைது செய்து சிறையில் வைத்திருக்கும்போது குற்றப்பத்திரிகைக்குச் சட்டம் காலக் கெடு வைத்திருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், கைதானவர் கேட்டு, உரிய பிணையும் கொடுத்தால் ஜாமீன் தந்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு கடுமையானது என்பது அங்கே கேள்வி இல்லை. இதைக் கட்டாய ஜாமீன் என்பார்கள்.

ஒரு மோசடி வழக்கை எடுத்துக்கொள்வோம். அதற்கு 60 நாள் கெடு. கையெழுத்து ஒப்பீட்டு அறிக்கை வரவில்லை, வங்கியிலிருந்து கணக்கு விவரம் பாதிதான் வந்திருக்கிறது, இன்னும் இருவர் தலைமறைவு. 58ஆம் நாள் போலீஸ் ஒரு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. அதன் கடைசியில், மேல் விசாரணை தொடர்கிறது, துணைக் குற்றப்பத்திரிகை பின்னர் தாக்கல் செய்யப்படும் என்று எழுதியிருக்கிறது. இது முழுமையான குற்றப்பத்திரிகையா, அல்லது சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் கிடைக்காமல் செய்யப் போட்ட பாதி அறிக்கையா?

2023 ஏப்ரலில் ரிது சாப்ரியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கண்டிப்பாகப் பேசியது. விசாரணையை முடிக்காமல் அவசர அவசரமாகக் குற்றப்பத்திரிகை போட்டு, கட்டாய ஜாமீன் உரிமையைப் பறிக்க முடியாது என்றது. அடுத்த மாதமே தலைமை நீதிபதி தலைமையிலான இன்னோர் அமர்வு, அந்தத் தீர்ப்பைச் சாராமல் ஜாமீன் மனுக்களை முடிவு செய்யும்படி கீழமை நீதிமன்றங்களுக்குச் சொன்னது. 2024 ஜனவரியில் திவான் ஹவுசிங் நிதி நிறுவன மோசடி வழக்கில் வந்த தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்தது. குற்றம் நடந்திருக்கிறது என்று கருதப் போதுமான விவரம் குற்றப்பத்திரிகையில் இருந்து, நீதிமன்றமும் அதைக் கோப்பில் எடுத்துவிட்டால், மற்ற எதிரிகள் குறித்தோ கிடைக்காத ஆவணங்கள் குறித்தோ விசாரணை தொடர்கிறது என்பது மட்டும் கட்டாய ஜாமீனுக்குக் காரணம் ஆகாது.

இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. 58ஆம் நாள் தாக்கலான அறிக்கை, சிறையில் இருப்பவர் மீதான குற்றச்சாட்டை அதன் சொந்தக் காலில் நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். புகார்தாரர்களின் வாக்குமூலம், பணம் கைமாறியதற்கான ஆவணம், அவர் பெயரில் உள்ள கணக்கு ஆகியவை இருந்தால் நிற்கும். கையெழுத்து அறிக்கை பிறகு வரலாம். அவரைப் பற்றியே இன்னும் விசாரித்து முடிக்கவில்லை என்று அறிக்கையே ஒப்புக்கொண்டால், ஜாமீன் கேட்கும் வழக்கறிஞருக்கு அதுதான் பிடிமானம். கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனுப் போட்டுவிட வேண்டும். கேட்காதவருக்கு இந்த உரிமை தானாகக் கிடைக்காது. குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் பயனில்லை.

உங்கள் வழக்கில் வந்தால்

துணைக் குற்றப்பத்திரிகை தாக்கலானால் அதன் நகல் எதிரிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதோடு புது வாக்குமூலங்கள், ஆவணங்களின் நகல்களும் சேர்ந்தே வர வேண்டும். முதல் குற்றப்பத்திரிகைக்கு உள்ள விதிகள் எல்லாம் துணை அறிக்கைக்கும் பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. நகல் தராமல் வழக்கை நகர்த்தினால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால், அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு வந்தது என்று நீதிமன்றம் திருப்பிக் கேட்கும்.

புகார் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. போலீஸ் வழக்கை முடித்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்தால், அதை ஏற்கும் முன் நீதிமன்றம் புகார்தாரருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது 1985-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. துணை அறிக்கை ஓர் எதிரியை வழக்கிலிருந்து விடுவிக்கச் சொன்னால் புகார்தாரர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் பேசலாம். முதல் அறிக்கை இன்னும் கோப்பில்தான் இருக்கிறது, அதையும் படியுங்கள் என்று கேட்பதற்கு வினய் தியாகி தீர்ப்பு அவருக்குத் துணை நிற்கும்.

கையில் ஒரு துணைக் குற்றப்பத்திரிகை வந்தால் வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அறிக்கை கோப்பில் எடுக்கப்பட்ட தேதி எது? குற்றச்சாட்டு வனைந்தாகிவிட்டதா? மேல் விசாரணைக்கு நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினார்களா, எந்தத் தேதியில்? முதல் அறிக்கையில் இல்லாத எந்தச் சாட்சியமும் ஆவணமும் இதில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்த அறிக்கையை எதிர்த்து மனுப் போடத் தயங்க வேண்டாம்; புதுச் சான்று இல்லாத துணைக் குற்றப்பத்திரிகையைச் சட்டம் ஏற்பதில்லை.